கோல் கிக் யார் அடிப்பது

மைசூரில் கால்பந்து ஆடுகிறவர்களில் ஜூலியிடம் திட்டு வாங்காதவர்கள் குறைவு. பகலில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். மாலையில் மொஹல்லா ராயல்ஸ் கிளப்புக்குச் சம்பளமில்லாத பிசியோ. கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உருளுகிறவனிடம் ஓடிப்போய், "எந்திரி, நடிச்சது போதும்" என்பாள். ஒன்றுமில்லை என்று நொண்டிக்கொண்டே ஓடுகிறவனை இழுத்து வெளியே உட்கார வைப்பாள். இரண்டிலும் பெரும்பாலும் அவள் சொன்னதே சரியாக இருக்கும். அதனாலேயே அவளை யாருக்கும் பிடிக்காது.

அந்தக் கிளப்பின் கோச் டேவிஸ் அவளுடைய சொந்த அண்ணன், பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். கோல்கீப்பரும் கேப்டனுமான கிங்ஸ்லி அவள் புருஷன். டேவிஸுக்கு அவன் பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதன், பிறகுதான் மச்சான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மூவரும் ஒரே வீட்டில் பிரியாணி சாப்பிடுவார்கள். சண்டையும் ஒரே வீட்டில்தான். ஆண்கள் இருவரும் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். இந்த முறை சண்டை கிங்ஸ்லியின் வலது தொடையைப் பற்றி.

பயிற்சியில் கோல் முன்னே பந்தை வைத்து ஒரு நீளமான கோல் கிக் அடிக்கும்போது உள்தொடையில் கத்தி பாய்ந்தது போல இருந்ததாகச் சொல்லி அவன் அப்படியே குந்திவிட்டான். மறுநாள் காலையில் தொடையின் உள்பக்கம் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது. ஜூலி அவனைக் கட்டிலில் மல்லாத்திப் போட்டாள். இடுப்பெலும்பிலிருந்து உள்தொடைத் தசை கிளம்பும் இடத்தில் விரலை வைத்து அழுத்தினாள். அவன் அம்மா என்றான். முழங்கால்களுக்கு நடுவே தன் முஷ்டியை வைத்து, "நசுக்குங்க" என்றாள். இடது கால் நசுக்கியது, வலது கால் பாதியில் துவண்டது. காலைப் பக்கவாட்டில் விரித்தபோது மற்றக் கால் போகிற தூரத்துக்கு இது போகவில்லை.

"கிரேடு டூ" என்றாள்.

"அதெல்லாம் நீயே முடிவு பண்ணுவியா? சும்மா பிடிச்சிக்கிட்டிருக்கு" என்றான் கிங்ஸ்லி.

"சும்மா பிடிச்சிருந்தா கிரேடு ஒன். வலிக்கும், ஆனா பலம் குறையாது. ரெண்டு மூணு வாரத்துல ஓடிரலாம். உங்களுக்குத் தசைநார்ல கொஞ்சம் கிழிஞ்சிருக்கு, அதான் நசுக்க முடியல. ஒன்றரை மாசம், ரெண்டு மாசம்கூட ஆகும். முழுசா அறுந்துபோனா கிரேடு த்ரீ. தொட்டா அங்க குழி தெரியும். அது வேணும்னா இன்னிக்கே போய் ஒரு கோல் கிக் அடிங்க."

ஸ்கேனும் அதையே சொன்னது. சொன்னபின் கிங்ஸ்லிக்கு ஸ்கேன் மேலும் கோபம் வந்தது.

டேவிஸ் அன்று மாலையே வந்துவிட்டான். லீக்கில் ராயல்ஸ் கடைசிக்கு ஒரு படி மேலே தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் சில ஆட்டங்கள்தான் பாக்கி. இப்படியே தோற்றுக்கொண்டு போனால் 'பி' டிவிஷனுக்கு இறங்க வேண்டியதுதான். மாற்று கோல்கீப்பர் கிரண் நல்ல பிள்ளை, உயரமானவன். பந்து வந்தால் அதற்கு வழிவிட்டு நிற்பான் என்று டேவிஸ் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வதுண்டு.

"கீப்பர்தானே, ஜூலி? ஓடப்போறானா, கிழிக்கப்போறானா?" என்றான் டேவிஸ்.

"அண்ணா, டீம்ல ரொம்ப தூரத்துக்கு உதைக்கிறது யாரு? ஃபார்வர்டா, கீப்பரா?"

டேவிஸ் காபியை எடுத்துக் குடித்தான். கோல்கீப்பர் கையால் ஆடுகிறவன் என்றே ஊரில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பாதியில் ஒரு கோச்சும் சேர்ந்திருந்தது ஜூலிக்கு வயிற்றெரிச்சல்.

வைத்தியம் தொடங்கியது. வீடு போர்க்களமானது. முதலில் முழங்கால்களுக்கு நடுவே பந்தை வைத்து அசையாமல் நசுக்குவது. பிறகு காலில் ரப்பர் பட்டை கட்டி உள்ளே இழுப்பது. பிறகு மேல்காலைச் சோபாவில் வைத்துப் பக்கவாட்டில் படுத்து உடம்பைத் தூக்குவது. அது கிங்ஸ்லிக்குப் பரம விரோதி. சோபாவும் போச்சு, மானமும் போச்சு என்பான். நேராக ஓடுவது, அதன் பிறகு பக்கவாட்டில் ஓடுவது, திரும்புவது, விழுந்து எழுவது. உதைப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில். அதிலும் படிப்படியாக. நின்ற பந்தை உள்பாதத்தால் பக்கத்தில் இருப்பவனுக்குத் தட்டுவது முதல் படி. அப்புறம் தூரம் கூடும். அப்புறம் உருண்டு வரும் பந்து. அப்புறம் தூக்கி அடிப்பது. முழு வீச்சில் கோல் கிக் அதற்கும் பிறகு. களைத்த காலோடு, எதிராளி மேலே வந்து விழும்போது உதைப்பது கடைசிப் படி.

தினமும் காலையில் ஒரு சோதனை. கால்களை நீட்டிப் படுத்து, ஐந்து எண்ணும்வரை முழுப் பலத்தோடு நசுக்க வேண்டும். வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று சொல்ல வேண்டும். இரண்டு வரை பச்சை, அன்றைக்கு அடுத்த வேலையைச் செய்யலாம். மூன்றிலிருந்து ஐந்து வரை மஞ்சள், ஒரு படி இறங்க வேண்டும். அதற்கு மேலே போனால் சிவப்பு, பந்தைத் தொடவே கூடாது. மற்ற ஆட்டக்காரர்கள் எண்ணைச் சொல்வார்கள், ஜூலி கேட்டுக்கொள்வாள். இவன் எண்ணைச் சொல்லும்போது அவள் தாடையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பத்து வருஷமாக அந்தத் தாடையோடு குடித்தனம் நடத்தியவள்.

"ரெண்டு" என்பான்.

"நாலு" என்பாள்.

"வலி எனக்கா, உனக்கா?"

"வலி உங்களுக்கு. பொய் எனக்கா?"

ஒரு காலையில் அவன் ஒன்று என்றான். தாடை கல்லாக இருந்தது. முந்தின நாள் மாலை இவள் மருத்துவமனையில் மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், டேவிஸ் அவனைக் கூப்பிட்டுப்போய்க் கோல் கிக் அடிக்க வைத்திருந்தான். முன்னாடியே ஒரு வலி மாத்திரையும் கொடுத்திருக்கிறான். இதைத் தடுப்பாட்டக்காரன் சீனிவாசன் ஒரு விஷயமே இல்லாதது போல ஜூலியிடம் உளறினான். இராத்திரி மாத்திரையின் வேகம் இறங்கி, காலையில் தொடை இறுகிக் கிடந்தது. இவள் அழுத்தியபோது அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மிக்ஸி நின்றது. "மாத்திரை வலியை அமுக்கும், கிழிசலைத் தைக்குமா? வலிதான் எனக்கு இருக்குற ஒரே கண்ணாடி. அதையும் ரெண்டு பேரும் சேர்ந்து உடைச்சிட்டீங்க" என்றாள். அண்ணனுக்குப் போன் போட்டு அதையே மறுபடியும் சொன்னாள். அவன், "சும்னே கத்தாதே" என்று பாதிக் கன்னடத்தில் சொல்லிப் போனை வைத்துவிட்டான். உதைக்கிற படிகள் எல்லாம் ரத்தாகி, கிங்ஸ்லி மீண்டும் ரப்பர் பட்டைக்கு வந்தான்.

அதிலிருந்து அவன் அவளோடு பேசுவதை நிறுத்தினான். தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் வேலை முடிந்ததும் நேரே டேவிஸ் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவான். காலையில் கட்டிலில் படுத்து நசுக்குவான், எண்ணைச் சொல்வான், எழுந்து போவான். அந்த ஒரு எண்தான் வீட்டில் பேச்சு. அவளுக்கு அது வலித்தது. இதற்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்பாரில்லை.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின வாரம் கிரண் நான்கு கோல் விட்டான். அன்று மாலை மைதானத்தின் ஓரத்தில், எல்லா ஆட்டக்காரர்களும் சூழ்ந்து நிற்க, டேவிஸ் தங்கையைப் பிடித்துக்கொண்டான்.

"அவன் பக்கவாட்டுல ஓடுறான்ல? டைவ் அடிக்கிறான்ல?"

"அடிக்கிறாரு."

"பச்சைதானே?"

"பச்சைதான். உதைக்கிறதுல பாதி தூரம் வரைக்கும்தான் வந்திருக்காரு. உருண்டு வர்ற பந்து நேத்துதான் ஆரம்பிச்சோம். நசுக்குற பலம் இன்னும் இடது கால் அளவுக்கு வரல. ரெண்டு வாரம் குடுங்க."

"ரெண்டு வாரத்துக்கு அப்புறம் யாருக்கு? 'பி' டிவிஷனுக்கா? நீ என் தங்கச்சியா, எதிர் டீம் ஆளா? சொல்லிரு, இப்பவே தெரிஞ்சிக்கிறேன்."

யாரோ சிரித்தார்கள். கிங்ஸ்லி சிரிக்கவில்லை. பத்து நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவளைப் பார்த்துப் பேசினான். "ஜூலி, எனக்கு இதுதான் கடைசி சீசன்னு உனக்குத் தெரியும். கிளப்பை இறக்கிட்டுப் போன கேப்டன்னு பேர் வாங்கித் தரப்போறே. நல்ல வீட்டுக்காரியா இல்லேன்னாலும், ஒரு நல்ல பிசியோவாவது இருந்திருக்கலாம்."

அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஆத்திரத்தோடு அசதியும் இருந்தது. தினமும் பேசாத ஆளோடு ஒரே கட்டிலில் படுத்து எழுந்த அசதி. தொழில் தெரிந்தவர்கள் செய்கிற தப்பை அவள் அந்த இடத்தில் செய்தாள். இல்லை என்று சொல்ல முடியாதபோது, ஒரு நிபந்தனையைக் கண்டுபிடித்தாள்.

"சரி, ஆடட்டும். ஆனா நீளமா ஒரு உதைகூடக் கூடாது. கையில பிடிச்ச பந்தை எறியணும், காலால அடிக்கக்கூடாது. கோல் கிக் எல்லாம் சீனிவாசன் அடிக்கணும். பக்கத்துல இருக்கிறவனுக்குத் தட்டுறது மட்டும் இவரு. அவசரம்னா இடது கால். இதுல ஒண்ணு மாறினாலும் நான் உள்ள வந்து இழுத்துட்டுப் போயிருவேன்."

"ஆய்த்து, குரு! முடிஞ்சது!" என்று டேவிஸ் கையைத் தட்டினான். கிங்ஸ்லி அன்று இரவு வீட்டில் சாப்பிட்டான். ரசம் நன்றாயிருக்கிறது என்றுகூடச் சொன்னான். படுத்தபின் ஜூலி மனதுக்குள் எல்லாவற்றையும் ஒருமுறை அடுக்கிப் பார்த்தாள். தாவுவது, விழுவது, எறிவது, தட்டுவது, எல்லாம் அவன் தேறிய படிகள். தேறாதது நீள உதை ஒன்றுதான், அதைச் சீனிவாசனிடம் கொடுத்தாயிற்று. ஓட்டை எதுவும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆட்டம். எதிரணியின் முன்னாட்டக்காரன் பழனிமுத்து, கோபிநத்தத்திலிருந்து கட்டட வேலைக்கு மைசூர் வந்தவன். இரண்டு சீசன் ராயல்ஸுக்கு ஆடியவன். டேவிஸ் ஒருநாள் எல்லோர் முன்னாலும் அவனைச் சிமெண்ட் மூட்டை என்று கேலி செய்ததில் கிளப்பை விட்டுப் போனான். அதற்கப்புறம் ராயல்ஸோடு ஆடும்போதெல்லாம் அவனுக்கு இரண்டு நுரையீரல் கூடுதலாக வந்துவிடும்.

முதல் பாதி ஜூலி போட்ட கணக்குப்படியே நடந்தது. கிங்ஸ்லி இரண்டு முறை நன்றாகத் தாவினான். பிடித்த பந்தைத் தோளுக்கு மேல் சுழற்றி எறிந்தான். கோல் கிக் வந்தபோதெல்லாம் சீனிவாசன் பின்னால் ஓடிவந்து அடித்தான். அவனுடைய உதை நடுக்கோட்டை எட்டவில்லை. பரவாயில்லை. கோல் எதுவும் விழவில்லை, ராயல்ஸுக்கு டிராவே போதும். டேவிஸ் தங்கைக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தான்.

இடைவேளை முடிந்து ஆட்டக்காரர்கள் உள்ளே போகும்போது பழனிமுத்து கோட்டருகே நின்றான். கிங்ஸ்லியைப் பார்த்து, மரியாதை குறையாமல் கேட்டான்.

"ஏனுங்கண்ணா, கோல் கிக்கு பூராத்தையும் பேக்கு ஆடறவனே அடிக்கறானுங்களே? நீங்க அடிச்சா அந்தக் கோலுக்கே போயி உளுகுமே. காலு ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா?"

"உன் வேலையைப் பாருடா" என்றான் கிங்ஸ்லி.

பழனிமுத்து வேலையைத்தான் பார்த்தான். தன் ஆட்கள் மூன்று பேரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னான். சொல்லும்போது ராயல்ஸின் கோலைக் கையால் காட்டினான். ஜூலிக்கு அப்போதுதான் புரிந்தது. கீப்பர் தன் கோல் கிக்கை வேறொருவனுக்குக் கொடுத்தால், கால்பந்து தெரிந்த எவனும் காரணத்தை மூன்றாவது உதையில் கண்டுபிடித்துவிடுவான். புருஷனின் காலை மூடி வைக்க அவள் போட்ட நிபந்தனையே அந்தக் காலைத் தண்டோரா போட்டிருந்தது.

"அண்ணா, அவரை வெளிய எடுங்க. தெரிஞ்சுபோச்சு" என்றாள்.

"என்ன தெரிஞ்சுபோச்சு? இன்னும் பாதி ஆட்டம்தான். உன் நிபந்தனைப்படிதானே ஆடுறான்?"

"அவங்க இனிமே கோலுக்கு அடிக்க மாட்டாங்க. பந்தை அவர் காலுக்கு வர வைப்பாங்க."

டேவிஸுக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது. எதிரணி மேலேறி வந்து ராயல்ஸின் தடுப்பாட்டக்காரர்களைச் சூழ்ந்துகொண்டது. முன்னே போக வழியில்லாமல் அவர்கள் பந்தைக் கீப்பருக்குத் திருப்பி அனுப்பினார்கள். தன் ஆள் காலால் கொடுத்த பந்தைக் கீப்பர் கையால் தொட முடியாது. காலால்தான் ஆட வேண்டும். முதல் முறை கிங்ஸ்லி பக்கத்தில் இருந்தவனுக்குத் தட்டினான். இரண்டாவது முறை இடது காலால் தள்ளியது கோணலாகப் போய்க் கோட்டைத் தாண்டியது. கூட்டத்தில் ஒருவன் விசிலடித்தான்.

ஜூலி டேவிஸின் சட்டையைப் பிடித்தாள். "கிரணை இறக்குங்க. நான் விட்டது தப்பு. நான்தான் தப்பு, போதுமா? இறக்குங்க."

"கையை எடு. எல்லாரும் பார்க்கிறாங்க."

மூன்றாவது முறை சீனிவாசன் அனுப்பிய பந்து, புல் இல்லாத மேட்டில் குதித்துக் குதித்து வந்தது. வலப்பக்கம் ஒருவன், இடப்பக்கம் ஒருவன் வழியை அடைத்து நின்றார்கள். நேரே பழனிமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். இருபது வருஷமாகக் கீப்பராக நின்றவனுக்கு அந்தக் கணத்தில் மஞ்சளும் பச்சையும் ஞாபகம் வருமா? உடம்பு தனக்குத் தெரிந்த காலை எடுத்தது. வலது கால் பின்னால் அகன்று போய், முழு வீச்சில் குறுக்கே வந்தது.

அழகான உதை. பந்து நடுக்கோட்டைத் தாண்டி வெகுதூரம் போனது. ராயல்ஸ்காரர்கள் கைதட்டினார்கள். பந்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கிங்ஸ்லி விழுந்ததைப் பலர் பார்க்கவில்லை.

ஜூலி ரெஃப்ரியின் கையசைப்புக்குக் காத்திருக்கவில்லை. அவன் இரண்டு கைகளாலும் தொடையைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தான். "டப்புன்னு ஒரு சத்தம், ஜூலி" என்றான். அவன் கைகளை விலக்கி, இடுப்பெலும்புக்குக் கீழே விரலை வைத்தாள். முந்தி விரலுக்குக் கயிறு போலத் தட்டுப்பட்ட இடத்தில் குழி இருந்தது. முஷ்டியை முழங்கால்களுக்கு நடுவே கொடுத்து, "நசுக்கு" என்றாள். நீங்க என்பது அவள் வாயில் வரவில்லை. வலது காலிலிருந்து சொல்லிக்கொள்ளும்படி எந்தப் பலமும் வரவில்லை.

"எத்தனை?" என்று அவன் கேட்டான். வழக்கமாக அவள் கேட்கிற கேள்வி.

அவள் ஸ்ட்ரெச்சருக்குக் கை காட்டினாள். பழனிமுத்து ஓடிவந்து ஒரு முனையைப் பிடிக்கப் போனான். டேவிஸ் அவனை நெஞ்சில் கை வைத்துத் தள்ளிவிட்டான். "நான் பந்துக்குத்தானுங்க வந்தேன், மாஸ்டர்" என்றான் பழனிமுத்து. அது உண்மை. அவன் கிங்ஸ்லியைத் தொடக்கூட இல்லை.

கிரண் உள்ளே போனான். கடைசி நிமிடங்களில் பழனிமுத்து பக்கத்திலிருந்து அடித்த பந்தை அவன் வழிவிடாமல் நெஞ்சில் வாங்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டான். ஆட்டம் டிரா. ராயல்ஸ் 'ஏ' டிவிஷனிலேயே தங்கியது. மூவரும் மருத்துவமனைக்குப் போகும் வழியில் ஆட்டோவிலேயே அந்தச் செய்தி டேவிஸின் போனுக்கு வந்தது. கிரண் காப்பாற்றிவிட்டான் என்று அவன் மெதுவாகச் சொன்னான். சொன்னபின், சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அவன் முகத்தில் தெரிந்தது. கிங்ஸ்லி கண்ணை மூடிக்கொண்டான்.

எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்தில் வைத்து எலும்பு மருத்துவர் சோனியா கன்னடத்தில் விளக்கினார். தசைநார் எலும்பிலிருந்து முழுதாகப் பிய்ந்துவிட்டது. கிரேடு த்ரீ. அறுவை சிகிச்சையா, தானாக ஆற விடுவதா என்று வீக்கம் வடிந்தபின் யோசிக்கலாம். எப்படியும் மாதக்கணக்கில் ஆகும். ஸ்டோர்ஸில் ஏணி ஏறுகிற வேலை இப்போதைக்கு வேண்டாம். கால்பந்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

பிறகு பழைய ஸ்கேனை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் கடுத்தது.

"இது கிரேடு டூதானே, பாதி ஆறியும் இருந்திருக்கும். இன்னும் ரெண்டு வாரம் பொறுத்திருந்தா சரியாயிருக்கும். இந்தக் காலோட மேட்ச் ஆட இவரை விட்டது யாரு?"

டேவிஸ் தரையைப் பார்த்தான். கிங்ஸ்லி சுவரைப் பார்த்தான். கத்தவும் குறுக்கே விழவும் சலிக்காத அந்த இரண்டு வாய்களும் மூடியிருந்தன.

"நான்தான் விட்டேன். நான் இவரோட பிசியோ" என்றாள் ஜூலி.

யாராவது இல்லை என்பார்கள் என்று அவள் காத்திருந்தாள். அந்த இரண்டு பேரும் அவள் சொன்னதை மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.